ஆய்வறிக்கையில் "ஓகே" என்று எழுதும் முன்: வெல்டிங், போல்ட், அளவு பற்றிய கேள்வி பதில்

(ஃபேப்ரிகேஷன் யார்டுகளில் பல வருடம் ஆய்வாளராக இருந்தவன் என்ற முறையில் இந்த வாரம் வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.)

"சார், டிப்ளமோ முடித்து முதல் வேலை. இரண்டு தகடு சேரும் மூலையில் போட்ட பில்லட் வெல்டை கேஜ் வைத்துப் பார்த்தேன், லெக் 8 மி.மீ. சரியாக வந்தது. ஆனால் சீனியர் அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஏன்?"

வெல்டின் முகத்தைப் பாருங்கள் தம்பி. லெக் என்பது மூலையிலிருந்து ஒவ்வொரு தகட்டின் மேலும் வெல்ட் படர்ந்திருக்கும் நீளம். முகம் உள்ளே குழிந்திருந்தால் இரண்டு லெக்கும் 8 இருந்தும் நடுவில் உலோகம் குறைவாக இருக்கும். 8 மி.மீ. லெக்குக்கு த்ரோட், அதாவது மூலையிலிருந்து வெல்டின் முகம் வரையான மிகக் குறைந்த தடிமன், சுமார் 5.6 மி.மீ. இருக்க வேண்டும். பாரத்தைத் தாங்குவது அந்த த்ரோட்தான். கேஜில் அதை அளக்கத் தனி முனை இருக்கிறது. குழிந்த வெல்டுக்கு அதைத்தான் வைக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் இருக்கலாம், அதை வெல்டுக்குப் பிறகு யாராலும் பார்க்க முடியாது. ஃபிட்-அப்பில் இரண்டு தகடுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருந்தது? அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் ஏடபிள்யூஎஸ் டி1.1 விதிப்படி 2 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் அந்த இடைவெளி அளவுக்கு லெக்கைக் கூட்ட வேண்டும். 3 மி.மீ. இடைவெளி விட்டுப் பற்றவைத்திருந்தால் 8 கேட்ட இடத்தில் 11 வேண்டும். வெளியிலிருந்து அளந்த 8 அங்கே போதாது. அதனால் டேக் போட்ட கையோடு, முழு வெல்டுக்கு முன்பே ஃபீலர் கேஜைச் செருகிப் பார்த்து, இடைவெளியை அறிக்கையில் ஒரு வரி எழுதிவிடுங்கள். உங்கள் சீனியர் தேடியது அந்த வரியாகத்தான் இருக்கும்.

"நான் வெல்டர். அண்டர்கட் என்று சொல்லி வேலையை நிறுத்துகிறார்கள். கண்ணுக்கு லேசாகத் தெரிகிற கோடு எல்லாம் தப்பா?"

இல்லை. அண்டர்கட் என்பது வெல்டின் ஓரத்தில் தகடு உருகி விழுந்த பள்ளம். அதே டி1.1 விதியில் 25 மி.மீ.க்குக் குறைவான தகட்டில் 1 மி.மீ. ஆழம் வரை பொதுவாக ஏற்றுக்கொள்ளலாம். அளக்காமல் "அண்டர்கட் இருக்கிறது" என்று எழுதுவது ஆய்வாளர் செய்யும் தப்பு. ஆழம், நீளம், எந்தப் பக்கம் என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

ஆனால் விரிசலுக்குச் சலுகையே இல்லை, எவ்வளவு சிறியதானாலும். வெல்ட் முடிகிற இடத்தில் குழியை நிரப்பாமல் ஆர்க்கை அறுத்தால் நட்சத்திரம் போல ஒரு சின்னப் பிளவு விழும். ஸ்லாக் மேலே இருந்தால் தெரியாது. ஒரு முறை நான் தட்டித் துடைத்துப் பார்த்தபோது ப்ரைமர் ஏற்கெனவே அடித்திருந்தது. சுரண்டிப் பார்த்தபோதுதான் ஒரு ஸ்டிஃப்னர் முனையில் அந்தப் பிளவு தெரிந்தது. அன்றிலிருந்து, ப்ரைமருக்கு முன்பு பார்த்தேனா என்பதைத் தேதியோடு எழுதுகிறேன்.

"போல்ட் இறுக்குவதில் 15 வருட அனுபவம். டார்க் ரென்ச்சில் 570 நியூட்டன் மீட்டர் வைத்து கிளிக் ஆனால் முடிந்தது. அதிலும் சந்தேகப்பட என்ன இருக்கிறது?"

பாதி சரி அண்ணே. ரென்ச் சொல்வது நீங்கள் போட்ட முறுக்கை. தகடுகளைப் பிடித்திருப்பது போல்ட்டின் இழுவிசை. இரண்டுக்கும் நடுவில் உராய்வு இருக்கிறது.

```
T = k × d × P
```

T என்பது டார்க், d போல்ட்டின் விட்டம், P இழுவிசை, k உராய்வைப் பொறுத்த எண். எம்20 அளவு ஏ325 ரக உயர் இழுவிசை போல்ட்டுக்கு அமெரிக்க விதி கேட்கும் குறைந்தபட்ச இழுவிசை 142 கிலோநியூட்டன். k என்பது 0.20 என்று வைத்தால் டார்க் 568 வருகிறது, உங்கள் 570 அங்கிருந்து வந்ததுதான். இப்போது அதே போல்ட் மழையில் கிடந்து துருப்பிடித்து k 0.28 ஆகிவிட்டது என்று வையுங்கள். அதே 568-க்கு இழுவிசை 101 கிலோநியூட்டன் மட்டும்தான். கிளிக் சத்தம் அதே மாதிரிதான் கேட்கும். எண்ணெய் தடவி k 0.15 ஆனால் 189 வரை போகும். அந்த வகை போல்ட் அறுந்துபோகும் அளவே சுமார் 203தான்.

அதனால் அன்றைக்குப் போடுகிற பெட்டியிலிருந்தே மூன்று போல்ட்டை எடுத்து, இழுவிசை காட்டும் கருவியில் இறுக்கிப் பார்த்து, அதில் வரும் டார்க்கைத்தான் ரென்ச்சில் வைக்க வேண்டும். தினமும். புதுப் பெட்டி பிரித்தால் மறுபடியும். போல்ட் பேட்ச் எண்ணும் ரென்ச் எண்ணும் அறிக்கையில் இருக்கட்டும்.

டார்க்கை நம்ப வேண்டாம் என்றால் நட்டைத் திருப்பும் அளவை வைத்தும் இறுக்கலாம். முதலில் எல்லா போல்ட்டையும் தகடுகள் ஒட்டும் வரை இறுக்குங்கள், ஜாயின்ட்டின் விறைப்பான இடத்தில் ஆரம்பித்து வெளியே போங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவே இறுக்கும்போது முதலில் போட்டவை தளர்ந்துவிடும். அப்புறம் நட்டிலும் தகட்டிலும் மார்க்கரில் ஒரே கோடு போட்டு, போல்ட் நீளம் விட்டத்தின் நான்கு மடங்குக்குள் இருந்தால் மூன்றில் ஒரு சுற்று, எட்டு மடங்கு வரை அரைச் சுற்று. அது வேலை செய்திருக்கிறதா என்பதை மறுநாள் வருகிற ஆய்வாளரும் அந்தக் கோட்டைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

"எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தகர ஷெட் போட்டோம். அதில் உள்ள போல்ட்டையும் இப்படித்தான் இறுக்கணுமா? அரைச் சுற்று திருப்பட்டுமா?"

வேண்டாம் அம்மா. மேலே சொன்னது உயர் இழுவிசை போல்ட்டுக்கு. உங்கள் ஷெட்டில் இருப்பது பெரும்பாலும் சாதாரண போல்ட், அதைக் கைச் ஸ்பேனரில் நன்றாக இறுக்கினால் போதும். கூடுதலாகத் திருப்பினால் மரை வழுக்கிவிடும். மழைக்காலம் முடிந்ததும் தளர்ந்திருக்கிறதா என்று மட்டும் ஒரு முறை பாருங்கள்.

"சைட்டில் ஒரு 12 மீட்டர் பீமை மதியம் அளந்தோம், 12,004 மி.மீ. வந்தது. யார்டு அறிக்கையில் 12,001. யார் பொய் சொல்கிறார்கள்?"

யாரும் பொய் சொல்லாமலும் இருக்கலாம். ஒப்பந்தம் அமெரிக்க ஏஐஎஸ்சி நடைமுறையைச் சொன்னால் 9 மீட்டருக்கு மேல் நீளமான பீமுக்கு 3 மி.மீ. கூட, குறைய அனுமதி. இந்தியத் தரநிலையான ஐஎஸ் 7215 சொன்னால் அதில் உள்ள வரம்பைப் பாருங்கள். எதைச் சொல்கிறது என்று முதலில் ட்ராயிங்கில் தேடுங்கள்.

அடுத்து வெப்பம். இரும்பு ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு 0.012 மி.மீ. நீளும். நிழலில் 30 டிகிரியில் இருந்த பீம் வெயிலில் 50 ஆனால் 12 மீட்டருக்கு 2.9 மி.மீ. உங்கள் வித்தியாசம் 3தான். ஸ்டீல் டேப்பும் அதே சூட்டில் இருந்தால் அதுவும் அதே அளவு நீளும், வித்தியாசம் கழிந்துவிடும். ஆனால் அறைக்குள்ளிருந்து டேப்பை எடுத்து வந்த கையோடு அளந்தால் கழியாது. லேசர் கருவியில் அளந்தாலும் பீமின் நீட்சி அப்படியே தெரியும். விடியற்காலையில், யார்டு வைத்திருந்த அதே எண் டேப்பால், யார்டு ஆளையும் கூட வைத்து மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் 4 வந்தால் யார்டு பதில் சொல்லியாக வேண்டும். நீளத்தோடு இன்னும் இரண்டைப் பாருங்கள்: நூல் பிடித்து வளைவையும், முனைத் தகட்டில் ஓட்டைகளின் இடைவெளியையும். சைட்டில் போல்ட் உள்ளே போகாமல் மறிப்பது பல சமயம் ஓட்டை வரிசைதான்.

"வெல்ட் பிழையைத் திருத்திய பிறகு, அறிக்கையில் பழைய பிழையைக் காட்ட வேண்டுமா? க்ளையன்ட் வீணாகப் பயப்படுவாரே."

நான் காட்டுவேன்: இடம், பிழை, எப்படித் தேய்த்து எடுத்தோம், மறு ஆய்வில் என்ன கண்டோம் என்று. ஆனால் என்னுடன் வேலை செய்த ஒரு மூத்த ஆய்வாளர், இறுதி அறிக்கையில் இறுதி நிலை மட்டும் போதும், பழையது தனிப் பதிவேட்டில் இருக்கட்டும் என்பார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு, பதிவேட்டைத் தொலைக்காமல் வைத்திருந்தால். ஒப்பந்தத்தில் எழுதாத இடத்தில் இதைப் பற்றி எங்களுக்குள் ஒத்த கருத்து வந்ததே இல்லை. எதைச் செய்தாலும், இரண்டாவது முறை திருத்திய இடத்தை மட்டும் மறைக்காதீர்கள். அங்கே தகடு இரண்டு முறை சூடாகியிருக்கிறது, பிறகு வருகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.