பிசின்னு போட்டா ஓசி சீட் போயிடுமா?

சார் வணக்கம், நேத்து போன்ல நீங்க கேட்டதுக்கு அவசரத்துல சரியா பதில் சொல்ல முடியல, அதான் உட்கார்ந்து டைப் பண்றேன். பொண்ணு நல்லா படிக்கிறா, மார்க் எடுத்துடுவா, அப்புறம் எதுக்கு அப்ளிகேஷன்ல பிசின்னு போட்டு அவள அந்த வரிசையில மட்டும் நிக்க வைக்கணும், ஓசின்னு போட்டா ஓப்பன்ல போட்டி போடலாமேன்னு கேட்டீங்க. இதே கேள்வியோட மாசத்துக்கு நாலு பேராவது வர்றாங்க. அதுல உள்ள தப்பு என்னன்னா, ஓசிங்கறது ஒரு ஜாதிக்கான கோட்டா இல்ல. அந்த சீட் எல்லாருக்கும் பொது, டிஎன்பிஎஸ்சி பாஷையில ஜெனரல் டர்ன்.

கணக்கு போட்டே காட்டுறேன். ஸ்டேட்ல 100 போஸ்ட் வருதுன்னு வச்சுக்கோங்க. ஜெனரல் டர்ன் 31, பிசி 26 சொச்சம், அப்புறம் பிசி முஸ்லிம், எம்பிசி, எஸ்சி, அருந்ததியர், எஸ்டின்னு மீதி போகும், மொத்தம் 69 சதவீதம் ரிசர்வேஷன். முதல்ல எல்லாரையும் ஜாதி பாக்காம மார்க் வரிசையில நிறுத்துவாங்க, மேல இருக்கற 31 பேர் ஜெனரல் டர்ன். அந்த 31 பேர்ல 14 பேர் பிசியா இருந்தாலும் அவங்க பிசி கணக்குல வர மாட்டாங்க. அதுக்கு அப்புறம்தான் 32வது ஆள்ல இருந்து கீழ வந்து பிசி காரங்கள மட்டும் பொறுக்கி அந்த 26ஐ ரொப்புவாங்க. இப்ப உங்க பொண்ணு 28வது இடத்துல வந்தா, அப்ளிகேஷன்ல பிசின்னு இருந்தாலும் அவளுக்கு ஜெனரல் டர்ன் சீட்தான். ஒருவேளை 60வது இடத்துக்கு போயிட்டா, 32ல இருந்து 59 வரைக்கும் இன்னொரு 11 பிசி பேர் இருந்தாங்கன்னா இவ பிசில 12வது ஆள், தாராளமா சீட் இருக்கு. இதே ஓசின்னு போட்டுட்டு 60வதா வந்திருந்தா? 31ஓட கதவு மூடிடுச்சு, வீட்டுக்கு வர வேண்டியதுதான். ஆக பிசின்னு போடறதால போறது எதுவுமில்ல, போடாம விட்டாத்தான் போகும்.

பெண்களுக்கு 30 சதவீதம் இருக்கே, அது தனி லிஸ்டான்னு அம்மா பின்னாடி இருந்து கேட்டாங்களே, அது தனி லிஸ்ட் இல்ல, ஒவ்வொரு பிரிவுக்குள்ளயும் குறுக்கால ஓடற கணக்கு. அந்த 31ல ஏற்கனவே 9 பெண்கள் மார்க்லயே வந்துட்டாங்கன்னா அங்க மேற்கொண்டு யாரையும் சேர்க்க மாட்டாங்க, குறைஞ்சா மட்டும்தான் கீழ இருந்து எடுத்து ஈடு கட்டுவாங்க. 2007ல ராஜஸ்தான் கேஸ் ஒன்னுல சுப்ரீம் கோர்ட் இதை தெளிவா சொல்லியிருக்கு.

இப்ப யூபிஎஸ்சிக்கு வருவோம், ஏன்னா பொண்ணு அதையும் எழுதணும்னு நிக்கிறா, இங்கதான் ஒரு முடிச்சு இருக்கு. அங்க பிசிக்கு பதிலா ஓபிசின்னு பேர், அதுக்கு 27 சதவீதம். ஓபிசி கேண்டிடேட் ஜெனரல் லிஸ்ட்ல எண்ணப்படணும்னா எந்த ஸ்டேஜ்லயும் சலுகை எதுவும் தொட்டிருக்கக் கூடாது. ஜெனரலுக்கு வயசு 32 வரைக்கும், 6 அட்டெம்ப்ட், ஓபிசிக்கு 35 வரைக்கும், 9 அட்டெம்ப்ட். ஏழாவது அட்டெம்ப்ட்ல எழுதினா எவ்வளவு பெரிய ரேங்க் வந்தாலும் ஓபிசி சீட்ல தான் வைப்பாங்க. அது மட்டுமில்ல, நிறைய பேர் கவனிக்காதது பிரிலிம்ஸ். உதாரணத்துக்கு ஜெனரல் கட்-ஆஃப் 90, ஓபிசி 88ன்னு வையுங்க, 89 எடுத்து உள்ள போனவ மெயின்ஸ்ல பிச்சு உதறினாலும் ஜெனரல்ல சேர்க்க மாட்டாங்க, ஏன்னா முதல் படியிலேயே சலுகை எடுத்தாச்சு. (பிரிலிம்ஸ் மார்க் ஃபைனல் ரேங்க்ல சேராதுதான், ஆனா இந்த கணக்குக்கு மட்டும் ஞாபகம் வச்சிருப்பாங்க!) உங்க பொண்ணுக்கு 22 வயசு, முதல் அட்டெம்ப்ட், அதனால வயசும் அட்டெம்ப்டும் இப்போதைக்கு பிரச்சனை இல்ல, பிரிலிம்ஸ்ல ஜெனரல் கட்-ஆஃபையே டார்கெட்டா வச்சு படிக்கச் சொல்லுங்க. அப்பவும் அப்ளிகேஷன்ல ஓபிசின்னு தான் போடணும். சலுகை எதுவும் தொடாம ஜெனரல் ரேங்க் எடுத்தவங்களுக்கு, ஓபிசி கோட்டால இன்னும் நல்ல சர்வீஸ் கிடைக்கும்னா அதை வாங்கிக்கவும் ரூல் இருக்கு.

இன்டர்வியூல ஆள் பாத்து மார்க்க குறைச்சுடுவாங்களோன்னு நீங்க பயந்தது எனக்கு புரியுது. முழுசா ஆதாரமில்லாத பயம்னு சொல்ல மாட்டேன், மனுஷன் போடற மார்க் தானே. ஆனா அளவ பாருங்க, யூபிஎஸ்சில எழுத்துத் தேர்வு 1750, இன்டர்வியூ 275. நம்ம குரூப் 1ல 750க்கு எழுதினா இன்டர்வியூ வெறும் 100. குரூப் 4க்கு இன்டர்வியூவே கிடையாது. எழுத்துல வலுவா இருந்தா அங்க கொஞ்சம் அடிச்சாலும் தாங்கும்.

உண்மையா கவலைப்பட வேண்டியது சர்டிஃபிகேட்டுக்கு. உங்ககிட்ட இருக்கறது ஸ்டேட் கொடுத்த பிசி கம்யூனிட்டி சர்டிஃபிகேட், அது டிஎன்பிஎஸ்சி மாதிரி ஸ்டேட் தேர்வுகளுக்குத்தான் செல்லும். யூபிஎஸ்சிக்கு, ஓபிசில வசதியான மேல்தட்டான கிரீமி லேயர்ல நீங்க இல்லன்னு காட்டற ஓபிசி நான்-கிரீமி லேயர் சர்டிஃபிகேட் தனியா வாங்கணும், அதுக்கு முன்னாடி உங்க ஜாதி பேர் சென்ட்ரல் லிஸ்ட்லயும் இருக்கான்னு எழுத்து மாறாம பாத்துடுங்க, ஸ்டேட் லிஸ்ட்ல இருக்கறதெல்லாம் அங்க இருக்கும்னு கட்டாயம் இல்ல.

அப்புறம், என் சம்பளமே வருஷம் 10 லட்சம், 8 லட்சம் தாண்டிட்டா கிரீமி லேயர் தானேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. அவசரப்படாதீங்க. அந்த 8 லட்சத்துல சம்பளமும் விவசாய வருமானமும் சேராது, 1993ல சென்ட்ரல் கவர்மென்ட் போட்ட ஆர்டர்லயே இருக்கு. கவர்மென்ட் வேலைல இருக்கறவங்களுக்கு சம்பளத்த பாக்க மாட்டாங்க, பதவியத்தான் பாப்பாங்க. அப்பா அம்மால ஒருத்தர் நேரடியா குரூப் ஏங்கற மேல்நிலை அதிகாரி பதவில சேர்ந்திருந்தாலோ, ரெண்டு பேரும் அதுக்கு அடுத்த குரூப் பில நேரடியா சேர்ந்திருந்தாலோ கிரீமி லேயர். நீங்க ஜூனியர் அசிஸ்டென்ட்டா சேர்ந்து ப்ரமோஷன்ல மேல வந்தவர், வீட்ல அம்மா வேலைக்கு போகல, அதனால பதவி வகையில நீங்க வர மாட்டீங்க. கடை வாடகை வருதுன்னு சொன்னீங்களே, அது மட்டும்தான் கணக்குல வரும், அதுவும் மூணு வருஷம் தொடர்ந்து 8 லட்சத்த தாண்டினா தான். இதெல்லாம் தெரியாம கவுன்ட்டர்ல சம்பளத்தையும் கூட்டி ரிஜெக்ட் பண்ற ஆளுங்க இருக்காங்க, எங்ககிட்ட வந்த ஒரு பையனுக்கு அப்படித்தான் நடந்துச்சு, ஆர்டர் காப்பியோட திரும்ப போய் தான் வாங்கினான், அதுக்குள்ள அந்த வருஷ கடைசி தேதி போயிடுச்சு.

அதனால நோட்டிஃபிகேஷன் வர்றதுக்கு முன்னாடியே அப்ளை பண்ணிடுங்க, எந்த நிதியாண்டு வருமானத்துக்கான சர்டிஃபிகேட் கேக்கறாங்கன்னு ஒவ்வொரு வருஷமும் புதுசா படிச்சுப் பாருங்க. நடுவுல கல்யாணம் ஆனாலும் சர்டிஃபிகேட் அப்பா பேர்ல தான் இருக்கணும், புருஷன் பேர்ல வாங்கி மாட்டிக்கிட்டவங்க உண்டு. சனிக்கிழமை வரும்போது உங்க நியமன ஆணை காப்பி, மூணு வருஷ இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன், அந்த கடை வாடகை ஒப்பந்தம் மூணையும் எடுத்துட்டு வாங்க சார், உட்கார்ந்து ஃபார்ம் எழுதிடலாம்.