மூன்று வேலையும் தெரியும் என்கிற எச்.ஆர். ரெஸ்யூமை எப்படி எடைபோடுவது?

கேள்வி: எச்.ஆர். ஜெனரலிஸ்ட் வேலைக்கு ஆள்தேர்வு, பேரோல் ஒருங்கிணைப்பு, ஊழியர் உறவு மூன்றும் தெரிந்தவர் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தோம். வந்த ரெஸ்யூம் எல்லாவற்றிலும் மூன்றும் இருக்கிறது. உண்மையில் செய்தவர் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: மூன்றையும் தனித்தனியாகப் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். ஒரு நிறுவனத்தில் இந்த மூன்று வேலையும் ஒரே ஊழியர் எண்ணிக்கையைச் சுற்றித்தான் நடக்கின்றன. ஆள்தேர்வில் உள்ளே வருகிறவர்களும் ராஜினாமா செய்து வெளியே போகிறவர்களும் அந்தந்த மாதப் பேரோலில் தெரிந்தாக வேண்டும். அதனால் ரெஸ்யூமில் ஓர் இடத்தில் உள்ள எண்ணை இன்னோர் இடத்தில் உள்ள எண்ணோடு மோதவிட்டுப் பாருங்கள்.

ஒரு கற்பனை ரெஸ்யூமை எடுத்துக்கொள்வோம். ஓராண்டு அனுபவம். அந்த ஆண்டில் ஊழியர் எண்ணிக்கை 170லிருந்து 180 ஆனது, 90 பேரை வேலைக்கு எடுத்தேன், விலகல் விகிதத்தை 8 சதவீதத்தில் வைத்திருந்தேன் என்கிறது. 90 பேர் சேர்ந்தும் கூடியது 10 பேர்தான் என்றால் 80 பேர் போயிருக்க வேண்டும். சராசரி 175 பேரில் 80 பேர் என்பது ஏறக்குறைய 46 சதவீதம். விலகல் 8 சதவீதம்தான் என்றால் போனவர்கள் 14 பேர், சேர்ந்தவர்கள் 24 பேர்.

இதைப் பொய் என்று உடனே ஒதுக்க வேண்டாம். 90 என்பது நேர்காணல் நடத்திய எண்ணிக்கையாக இருக்கலாம், ஒப்பந்தப் பணியாளர்களையும் சேர்த்ததாக இருக்கலாம். 8 சதவீதம் ஒரு பிரிவுக்கோ மூன்று மாதத்துக்கோ உரியதாக இருக்கலாம். தொலைபேசியில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். கணக்கை உண்மையில் வைத்திருந்தவர் எதை எண்ணினேன், எதை விட்டேன் என்று தயங்காமல் பிரித்துச் சொல்வார்.

அதிகம் ஏமாறுவது பேரோல் வரியில்தான். '180 பேருக்குப் பேரோல் பார்த்தேன்' என்ற வரிக்கு, சம்பளத்தைக் கணக்கிட்டேன் என்றும் பொருள் உண்டு, வருகைப் பதிவை அனுப்பினேன் என்றும் பொருள் உண்டு. நீங்கள் கேட்டிருப்பது ஒருங்கிணைப்பு. புதிதாகச் சேர்ந்தவர், விலகியவர், சம்பளமில்லா விடுப்பு, ஓவர்டைம், சம்பள உயர்வு, வங்கிக் கணக்கு மாற்றம் ஆகியவற்றைப் பல துறைகளிலிருந்து திரட்டி, கட்-ஆஃப் தேதிக்குள் கணக்குப் பிரிவிடமோ வெளி ஏஜென்சியிடமோ கொடுக்கும் வேலை அது. பிறகு வரைவுப் பட்டியலைப் போன மாதத்தோடு ஒப்பிட வேண்டும். போன மாதம் 176 பேர், சேர்ந்தவர் 6, போனவர் 2 என்றால் பட்டியலில் 180 பேர் இருக்க வேண்டும். 181 இருந்தால், பெரும்பாலும் கட்-ஆஃபுக்குப் பிறகு ராஜினாமா தகவல் வந்த ஒருவருக்குச் சம்பளம் போகப்போகிறது. ஆகவே கட்-ஆஃப், மாத ஒப்பீடு, இறுதி செட்டில்மென்ட் என்ற மாதிரியான சொற்கள் ரெஸ்யூமில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். மென்பொருளின் பெயர் மட்டும் இருந்தால், அதைத் திறந்து பார்த்திருக்கிறார் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

ஆள்தேர்வில் ஒன்றை மட்டும் கவனித்தால் போதும். ஏஜென்சியில் இருந்தவரின் பொறுப்பு பெரும்பாலும் ஆளைக் கண்டுபிடித்து அனுப்பி, ஆஃபரை ஏற்கவைப்பதோடு முடிந்துவிடும். ஆஃபர் தயாரிப்பது, பின்புலச் சரிபார்ப்பு, முதல் நாள் ஆவணங்கள் எல்லாம் நிறுவனத்துக்குள் நடப்பவை. இவை ரெஸ்யூமில் இல்லாவிட்டால் அந்தப் பாதியை நீங்கள்தான் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

ஊழியர் உறவு என்ற தலைப்பின் கீழ் பிறந்தநாள் விழாவும் சுற்றுலாவும் மட்டும் இருந்தால் அதை வெற்றிடமாகவே கொள்ளுங்கள். புகார் பதிவு, இரு தரப்பு விசாரணை, எச்சரிக்கைக் கடிதம், விலகல் நேர்காணல் இவைதான் அந்த வேலை. இங்கே விவரம் குறைவாக இருப்பது குறையல்ல, ரகசியம் காப்பவர் அப்படித்தான் எழுதுவார். ஆளை அடையாளம் காணும் அளவுக்கு ஒரு புகாரை விவரித்திருந்தால், நாளை உங்கள் ஊழியரின் விஷயமும் அப்படி வெளியே போகும். 'எல்லாப் புகாரையும் தீர்த்தேன்' என்ற வரியையும் நான் நம்பமாட்டேன். சில புகார்கள் நிரூபணம் ஆகாமலும் முடியும்.

இவ்வளவும் பார்த்த பிறகு, ஒவ்வொரு வேலைக்கும் எதிரே 'தனியாகச் செய்தார்', 'உடனிருந்தார்', 'தெரியவில்லை' என்று மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். இந்தப் பதவியில் மாதத்தின் எத்தனை நாள் எந்த வேலைக்குப் போகும் என்று துறைத் தலைவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருங்கள். பேரோலைக் கவனிக்க வேறு ஆள் இல்லாத அலுவலகத்தில், பேரோலுக்கு எதிரே 'தனியாகச் செய்தார்' என்ற குறி இல்லாத ஒருவரை மற்ற இரண்டில் எவ்வளவு சிறந்தவராக இருந்தாலும் எடுக்காதீர்கள். 'தெரியவில்லை' என்று குறித்தவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: கட்-ஆஃப் முடிந்த மறுநாள் ஒருவர் ராஜினாமா செய்து உடனே போய்விட்டார், நீங்கள் முதலில் யாருக்குச் சொல்வீர்கள்? செய்து பழகியவர், சம்பளம் வங்கிக்குப் போய்விட்டதா என்று உங்களையே திருப்பிக் கேட்பார்.