பச்சை ஏன் கருத்துப்போகிறது?

"கொழிஞ்சாம்பாறையில் ஆறாம் வகுப்பு எடுக்கிறேன். மஞ்சளும் நீலமும் கலக்கச் சொன்னால் எல்லாரும் ஒரே கரும்பச்சை. மதிப்பெண் எதை வைத்துப் போடுவது?"

டீச்சர், நீலம் கூடிப்போகிறது. முதலில் மஞ்சளை எடுக்கட்டும். நீலத்தைத் தூரிகை நுனியால் தொட்டுத் தொட்டுச் சேர்க்கட்டும். ஒவ்வொரு முறையும் ஒரு கட்டம் பூசினால், ஐந்து கட்டத்தில் இளநாற்றிலிருந்து பனையோலை வரை வந்துவிடும். பழுப்படித்தால் எங்கேயோ சிவப்பு சேர்ந்திருக்கிறது. பெரும்பாலும் கழுவும் தண்ணீர்தான்.

பத்து மதிப்பெண் என்றால், பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் கைநீட்டும் தூரத்தில் தனித்தனியாகத் தெரிந்தால் நான்கு. பழுப்பேறாமல் இருந்தால் மூன்று. முற்றத்தில் பறித்த இலை ஒன்றின் நிறத்தைக் கலந்து பொருத்திக் காட்டினால் மீதி மூன்று. காய்ந்த பிறகு பாருங்கள், போஸ்டர் கலர் ஈரத்தில் ஏமாற்றும். அப்புறம், கோட்டைத் தாண்டிப் பூசியதற்கெல்லாம் குறைக்க வேண்டாம்.