குவாரி முதலாளிக்குக் கடிதம் எழுதும் தம்பிக்கு

"அண்ணா, நான் கிளிநொச்சி. முதுகலை ஆய்வுக்குக் கனடா வந்து மூன்று மாதம். வவுனியாப் பக்கம் ஒரு கல்குவாரியில் பாறை மாதிரி எடுக்கவேண்டும். முதலாளிக்கு எப்படிக் கடிதம் எழுதுவது? குளிருக்கு என்ன உடுப்பு வாங்கலாம்? பகுதிநேர வேலை கிடைக்குமா?"

தம்பி, உடுப்பையும் வேலையையும் உன்னோடு அறையில் இருக்கும் பெடியளிடம் கேள். கடிதத்துக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நான் ஒரு முழு வருடத்தை இழந்தேன்.

நான் வந்த புதிதில் எழுதிய கடிதம் இரண்டு பக்கம், ஆங்கிலத்தில். மேலே பல்கலைக்கழகச் சின்னம், உள்ளே 'வன்னித் தொகுதி', 'சேர்க்கன் காலக்கணிப்பு', அது இது என்று எல்லாம். பதிலே வரவில்லை. நேரில் போனால் காவலாளி வாசலிலேயே மறித்தார். பிறகுதான் விஷயம் தெரிந்தது. மாணிக்கம் தேடுகிறேனா, தூசியைப் பற்றி முறைப்பாடு எழுத வந்தேனா என்று அவர்கள் பயந்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து சுத்தியலும் வரைபடமுமாய் ஒருவன் வந்து நின்றால் அந்த மண்ணில் யார் பயப்படமாட்டார்கள்?

அடுத்த முறை தமிழில் அரைப் பக்கம்தான் எழுதினேன். நீயும் இந்த அளவில் எழுது:

"ஐயா, நான் கிளிநொச்சியைச் சேர்ந்த ஆய்வு மாணவன். உங்கள் குவாரிக் கல் எவ்வளவு பழையது என்று அறிய விரும்புகிறேன். வெடிவைத்து விழுந்து கிடக்கும் கல்லில் ஆறு துண்டு, ஒவ்வொன்றும் நான்கு கிலோ அளவில், எடுக்க அனுமதி கேட்கிறேன். ஒரு காலை நேரம் போதும். வெடி வைக்காத நாளை நீங்களே சொல்லுங்கள். தலைக்கவசமும் சப்பாத்தும் கொண்டுவருவேன். உங்கள் ஆள் ஒருவர் கூட நிற்கட்டும். குவாரியின் பெயரை உங்கள் சம்மதமில்லாமல் எழுதமாட்டேன். முடிவைத் தமிழில் எழுதித் தருவேன்."

இதில் 'விழுந்து கிடக்கும் கல்' என்ற சொல்லை விடாதே. வெட்டுச் சுவருக்குக் கீழே நின்று சுத்தியலால் தட்டினால் மேலே தளர்ந்து நிற்கும் கல் வந்துவிடும், முதலாளிக்கும் அதுதான் பயம். உனக்குத் தேவையானதும் குவியலில்தான் கிடக்கும். உடைத்துப் பார்: ஓரம் பழுப்பாக இருந்தால் வெயிலும் மழையும் தின்ற கல், உள்ளே சாம்பல் நிறமாய்ப் பளபளத்தால் எடு. ஆனால் எந்தப் படையிலிருந்து விழுந்தது என்று அங்கு வேலை செய்பவரிடம் கேட்டு அப்போதே குறித்துக்கொள்.

நான்கு கிலோ ஏன் என்று முதலாளி கேட்பார். கல்லின் வயதைக் கணிக்க உதவும் சேர்க்கன் என்ற கனிமத்தின் மணிகள் மயிரிழை அளவுதான். கல்லை அரைத்துக் கழுவிப் பிரித்தால் கொஞ்சம்தான் தேறும். கைப்பிடிக் கல்லோடு வந்து ஆய்வுகூடத்தில் ஒன்றும் கிடைக்காமல் நின்றவன் நான்.

அப்புறம், முதலாளியின் கையெழுத்து வாசலைத்தான் திறக்கும். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி கனிமம் அரசுக்குச் சொந்தம். கல்லை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேறாக வேண்டும். கடிதத்தின் பிரதி ஒன்றில் முதலாளியின் கையெழுத்தை வாங்கி அதையும் விண்ணப்பத்தோடு கொடு.

"எங்கட ஊர்தானே, ஏன் கேட்கவேணும்?" என்று இங்குள்ள சிலர் உனக்குச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவே பிடிக்காது. கல்லை அள்ளிக்கொண்டு வந்து, பட்டம் வாங்கி, அந்த முதலாளிக்கு ஒரு வரியும் எழுதாதவர்களை எனக்குத் தெரியும். அடுத்து வருகிறவனுக்கு வாசலை மூடுவது அவர்கள்தான். குவாரியை விட்டுப் பற்றைக்குள் இறங்கிப் பாறை தேடாதே, கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் வன்னியில் இன்னும் உண்டு.

என்னுடைய இரண்டாவது கடிதத்துக்கு நாலாம் நாளே தொலைபேசி வந்தது. "கல்லுத்தானே தம்பி, வா. ஆனா முடிவைச் சொல்லாம விடாத." போன அன்று கணக்குப்பிள்ளை வெறும் சீமெந்துப் பைகளைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றிலும் என் இலக்கத்தை மையால் எழுதிக் கட்டித் தந்தார். அடுத்த வருடம் முடிவைக் கொண்டுபோனேன். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்துக்கு அடியில் வெந்து இந்த உருவம் எடுத்த கல் என்று சொன்னேன். முதலாளி ஒன்றும் பேசவில்லை. மேசையில் சல்லிக் கணக்கின் மேல் பாரமாக வைத்திருந்த துண்டை எடுத்து, உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.