சூடாக்கினால் மாறும், குளிரவைத்தால் மாறாது

கேள்வி: ஐயா, சேலத்தில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பியூட்டாடையீனுடன் HBr சேர்ந்தால் குளிரில் 1,2, சூட்டில் 1,4 என்று டியூஷனில் சொல்லித் தந்தார்கள். மாதிரித் தேர்வில், 40 டிகிரியில் கிடைத்த கலவையை அப்படியே −80 டிகிரிக்குக் குளிரவைத்தால் எது அதிகம் இருக்கும் என்று கேட்டிருந்தார்கள். குளிர்தானே என்று 1,2 எழுதினேன், தப்பு என்று போட்டுவிட்டார்கள். ஏன்?

தப்புதான் தம்பி, திருத்தியவர் சரியாகத்தான் திருத்தியிருக்கிறார். குளிரவைத்த பிறகும் 1,4-தான் அதிகம், ஏறக்குறைய 40 டிகிரியில் இருந்த அதே 80:20. உனக்குச் சொல்லித் தந்த அந்த ஒற்றை வரிதான் கோளாறு. புதிய பஸ் ஸ்டாண்டு பக்கம் ‘ஷார்ட்கட்’ என்று அட்டை போட்ட புத்தகத்தைப் புரட்டினாலும் இதே வரிதான் இருக்கும். குளிர் 1,2, சூடு 1,4. மனப்பாடம் செய்ய நன்றாக இருக்கும், கேள்வியை ஒரு சுற்றுத் திருப்பிக் கேட்டால் கவிழ்த்துவிடும்.

நடப்பது இதுதான். HBr-இல் இருந்து H முதலில் பியூட்டாடையீனின் ஓரக் கார்பனில் போய் ஒட்டும். மீதி மூன்று கார்பனில் ஒரு நேர்மின்சுமை உருவாகி, இரண்டாவது கார்பனிலும் நான்காவது கார்பனிலும் பகிர்ந்து கிடக்கும். இதுதான் அல்லைல் கேட்டயான். இதுவரைக்கும் குளிரானாலும் சூடானாலும் ஒரே பாதைதான், பாதை பிரிவது இதற்கப்புறம். புரோமைடு இரண்டாவது கார்பனில் ஒட்டினால் CH3-CHBr-CH=CH2, அது 1,2. நான்காவதில் ஒட்டினால் CH3-CH=CH-CH2Br, அது 1,4.

ஏற்காடு மலைப்பாதையில் கமலா ஆரஞ்சு ஏற்றிய வண்டியில் இருந்து ஒரு பழம் உருண்டு விழுகிறது என்று வைத்துக்கொள். ரோட்டை ஒட்டியே ஆழமில்லாத சாக்கடை ஒன்று, அதற்குக் கரை தாழ்வு. எதிர்ப்பக்கம் கொஞ்சம் உயரமான கைப்பிடிச்சுவர், அதைத் தாண்டினால் பெரிய பள்ளம். பழம் முதலில் எதில் விழும்? சாக்கடையில்தான், அதுதான் 1,2. எந்தக் குழி ஆழம் என்று பழம் பார்க்காது, எந்தக் கரை தாழ்வு என்பதுதான் கணக்கு. −80 டிகிரியில் விழுந்த பழம் விழுந்த இடத்திலேயே கிடக்கும், திரும்ப ரோட்டுக்கு ஏறி வரத் தெம்பில்லை. அதனால்தான் அங்கே 1,2 சுமார் 80, 1,4 சுமார் 20. இதைத்தான் கைனடிக் கன்ட்ரோல் என்கிறோம். 1,4 அங்கேயும் 20 இருக்கிறது, அதைக் கவனி. ‘குளிரில் 1,2 மட்டும்’ என்று எழுதினால் அதுவும் தப்பு.

40 டிகிரியில் ரோடே குலுங்குகிறது. சாக்கடையில் விழுந்தது திரும்ப ரோட்டுக்கு வரும், அதாவது C-Br பிணைப்பு உடைந்து மறுபடி அதே கேட்டயான் ஆகும், மறுபடி விழும். பெரிய பள்ளத்தில் விழுந்ததும் எப்போதாவது வெளியே வரும், ஆனால் அபூர்வமாக. இப்படிப் பல முறை ஏறி இறங்கினால் கடைசியில் பெரும்பாலானவை ஆழமான இடத்தில்தான் கிடக்கும். இது தெர்மோடைனமிக் கன்ட்ரோல், 1,4 சுமார் 80. 1,4 ஏன் ஆழம் என்றால், அதில் இரட்டைப் பிணைப்பு நடுவில், இரண்டு பக்கமும் கார்பன் வைத்து இருக்கிறது. 1,2-வில் அது ஓரத்தில், ஒரு பக்கம் வெறும் ஹைட்ரஜன்தான்.

இப்போது உன் கேள்விக்கு வா. 40-இல் 80:20 ஆகிவிட்டது. குளிரவைக்கிறாய். குலுக்கல் நின்றுவிட்டது, பள்ளத்தில் கிடப்பது பள்ளத்திலேயே உறைந்துவிடும். 1,2-ஆக மாற அது முதலில் உடைய வேண்டும், −80-இல் உடையாது. திருப்பிப் பார், −80-இல் கிடைத்த 1,2 மிகுந்த கலவையை HBr-ஓடு 40-க்குக் கொண்டுபோய் நேரம் கொடுத்தால் அது 1,4 மிகுந்ததாக மாறிவிடும். சூடாக்கினால் மாறும், குளிரவைத்தால் மாறாது.

இன்னும் ஒரு விஷயம், இதை எந்த கைடிலும் நான் பார்த்ததில்லை. 40 டிகிரியில் 80:20 என்பதைக் கணக்குப் போட்டால் இரண்டுக்கும் ஆற்றல் வித்தியாசம் மோலுக்குச் சுமார் 3.6 கிலோஜூல்தான் வரும். அதே வித்தியாசத்தை வைத்து −80-இல் சமநிலை எப்படி இருக்கும் என்று போட்டுப் பார், 1,4 சுமார் 90 வரும்! குளிரில் சமநிலை 1,4 பக்கம் இன்னும் அதிகமாகத்தான் சாய்கிறது. ஆக, சூடு 1,4-ஐ ‘விரும்புகிறது’ என்பதெல்லாம் கதை. சூடு செய்வது ஒரே வேலை, திரும்பிப் போகும் வழியைத் திறந்துவிடுவது. குளிரில் அந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

நான் ஒரு தடவை விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தபோது கொடுத்த விடைக்குறிப்பிலேயே ‘குறைந்த வெப்பநிலையில் நிலைத்தன்மை அதிகமான பொருள்’ என்று அச்சாகியிருந்தது. தலைகீழ்! கையைத் தூக்கிச் சொன்னேன், ‘குறிப்புப்படி போடுங்க சார், நேரமாகுது’ என்றார்கள். சரியாக எழுதிய பிள்ளைகளுக்கு நான் மார்க் போட்டுவிட்டேன், மற்ற மேசைகளில் என்ன நடந்ததோ. இதில் ஐந்து ரோட்டுப் பக்கம் ‘கண்டிப்பாக வரும் கேள்விகள்’ என்று வாட்ஸ்அப்பில் 500 ரூபாய்க்கு விற்கிற ஆட்கள் வேறு. அதை வாங்கிவிடாதே தம்பி, அந்தக் காசுக்கு ஒரு நோட்டு வாங்கி ஆற்றல் வரைபடத்தைப் பத்துத் தடவை வரை.

மாட்டிவிடுகிற விதிவிலக்கு ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன், நிதானமாகப் படி. பியூட்டாடையீனுக்குப் பதில் 1,3-பென்டாடையீன், அதாவது CH2=CH-CH=CH-CH3 கொடுத்து எந்த வெப்பநிலையில் எது என்று கேட்பார்கள். H முதல் கார்பனில் ஒட்டினால் வருவது CH3-CH-CH=CH-CH3 என்ற கேட்டயான், சுமை இரண்டாவது, நான்காவது கார்பன்களில். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. புரோமைடு எங்கே ஒட்டினாலும் 4-புரோமோபென்ட்-2-ஈன்தான். குளிரென்ன, சூடென்ன, ஒரே பொருள். கைடு படித்தவன் இங்கே 1,2, 1,4 என்று பிரித்து எழுதிக்கொண்டிருப்பான்.

ஆனால் இந்த மூலக்கூறு சும்மா இல்லை. 1979-இல் இதோடு HCl-க்குப் பதில், கனமான ஹைட்ரஜனான D உள்ள DCl சேர்த்துப் பார்த்தார்கள். D எங்கே ஒட்டியது என்பது அடையாளம் ஆகிவிடுவதால், குளோரைடு பக்கத்துக் கார்பனில் ஒட்டியதா தள்ளி ஒட்டியதா என்று பிரித்தறிய முடிந்தது. இரண்டு கார்பனும் சமம் என்றால் பாதிக்குப் பாதி வர வேண்டும் அல்லவா? வரவில்லை, பக்கத்தில் ஒட்டியதுதான் அதிகம். காரணம், D-ஐக் கொடுத்துவிட்ட குளோரைடு ஓடிப்போகாமல் அங்கேயே நிற்கிறது, கைக்கெட்டும் கார்பனைப் பிடித்துக்கொள்கிறது. குளிரில் 1,2 வேகமாக வருவதற்கு, இரண்டாவது கார்பனில் சுமை அதிகம் என்று மட்டும் எழுதினால் பாதி விடைதான். புரோமைடு பக்கத்திலேயே நிற்பதையும் சேர்த்து எழுது.

40-இல் கலந்து ஒரு நிமிடத்தில் நிறுத்தினால் எவ்வளவு வரும் என்று யாராவது கேட்டால் 80:20 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதே. சமநிலை வந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. சுத்தமான 1,2-இல் இருந்து ஒரு குடுவை, சுத்தமான 1,4-இல் இருந்து ஒரு குடுவை, இரண்டையும் HBr-ஓடு 40-இல் வைக்க வேண்டும். இரண்டும் ஒரே விகிதத்துக்கு வந்து நின்றால்தான் அது சமநிலை.