நெய் ஏன் தீய்ந்து போகிறது, ஏன் மணக்க மாட்டேன் என்கிறது?

தீபாவளிப் பலகாரத்துக்கு வீட்டிலேயே நெய் காய்ச்சிய சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. பாதிப் பேருக்கு நெய் தீய்ந்திருக்கிறது, மீதிப் பேருக்கு மணமே வரவில்லை. இரண்டும் ஒரே இடத்தில் நடக்கிற தவறு என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நெய் நிறம் பொன்னாகத்தான் இருக்கிறது, ஆனால் தீய்ந்த வாடை வருகிறது. இன்டக்‌ஷன் அடுப்பில், அடி கனமான எவர்சில்வர் பாத்திரத்தில், 250 கிராம் கட்டி இரண்டு போட்டேன். தீயைக் குறைத்துத்தான் வைத்தேன். – ஈசூனிலிருந்து ஒரு வாசகி

நெய்யின் நிறத்தைப் பார்த்தீர்கள், அடியில் கிடக்கும் கசண்டைப் பார்க்கவில்லை. தீய்வது நெய் அல்ல, கசண்டுதான். நெய் பொன்னிறத்தில் இருக்கும்போதே கீழே அது கருகியிருக்கும்.

உங்கள் அரைக்கிலோ வெண்ணெயில் சுமார் 80 கிராம் தண்ணீர் இருக்கும். கசண்டாகத் தங்கும் பால் புரதமும் பால் சர்க்கரையும் சேர்ந்து 10 கிராம் கூட வராது. தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டிப் பெரிதாக ஏறாது, அதனால் அந்தப் பதினைந்து இருபது நிமிடம் நீங்கள் கொஞ்சம் அசட்டையாக இருந்தாலும் ஒன்றும் ஆகாது. சடசடவென்ற சத்தம் அடங்குகிறதே, அதுதான் தண்ணீர் தீர்ந்த அடையாளம். அதன்பிறகு பிடித்து வைக்க ஆளில்லை, சூடு விறுவிறுவென்று ஏறும். 115, 120 டிகிரி அளவில் கசண்டு சிவந்து நல்ல மணம் கொடுக்கும். இன்னும் ஒரு இருபது டிகிரி போனால் அதே கசண்டு கரியாகத் தொடங்கும். வீட்டு அடுப்பில் இந்த இடைவெளி மூன்று நான்கு நிமிடம்தான்.

இன்டக்‌ஷனில் இன்னொரு தொல்லை உண்டு. சூடு பாத்திரத்தின் அடி முழுக்கச் சமமாகப் பரவாது, உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் அளவுக்கு வட்டமாக விழும். பாத்திரத்தைக் கழுவும்போது அடியில் வளையமாகக் கருப்புக் கோடு இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். இருந்திருந்தால் அங்கேதான் தீய்ந்திருக்கிறது. அடுப்பின் திரையில் 120 என்று காட்டுவதை நம்பி விட்டுவிடாதீர்கள். அது கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சூடு, நெய்யின் சூடு அல்ல.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். சத்தம் குறையத் தொடங்கியதும் அடுப்பை இன்னும் ஒரு படி இறக்கி, தட்டையான கரண்டியால் அடியைச் சுரண்டிக்கொண்டே இருங்கள். பெரிய குமிழிகள் போய், பொடிப் பொடியாக இரண்டாம் நுரை கிளம்பும். அப்போது ஒரு கரண்டி எடுத்து வெள்ளைத் தட்டில் விட்டுக் கசண்டின் நிறத்தைப் பாருங்கள். தேன் நிறத்துக்கு வந்திருந்தால் உடனே இறக்கிவிட வேண்டும். 'இன்னும் கொஞ்சம் சிவக்கட்டுமே' என்று தோன்றும், அந்த ஆசைதான் ஆளைக் கவிழ்ப்பது. கனமான அடி இறக்கிய பிறகும் சூட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், மீதிச் சிவப்பை அது பார்த்துக்கொள்ளும். பாத்திரத்தை ஈரத்துணி மேல் வைத்து, இரண்டு மூன்று நிமிடத்தில் வடிகட்டிவிடுங்கள். அடுப்பிலேயே ஆறட்டும் என்று விட்டதில்தான் உங்கள் நெய் போயிருக்கும் என்று நினைக்கிறேன். நானும் ஒருமுறை தொலைபேசியை எடுக்கப் போய் இரண்டு கிலோவைக் கருக்கியிருக்கிறேன்.

நல்ல மஞ்சளாக, தெளிவாக வருகிறது. ஆனால் மணமே இல்லை, ஏதோ எண்ணெய் மாதிரி இருக்கிறது. மேலே வருகிற நுரையை அவ்வப்போது எடுத்துவிடுகிறேன். – செங்காங்

விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. நீங்கள் அழுக்கு என்று எடுத்துக் கொட்டுகிற நுரைதான் மணத்தின் முதலீடு. அதில் பால் புரதம் இருக்கிறது. புரதமும் பால் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து சிவக்கும்போதுதான் அந்த வறுத்த கடலை போன்ற வாசனை பிறக்கிறது. வெறும் கொழுப்பை எவ்வளவு காய்ச்சினாலும் அது வராது. நுரையைத் தொடாமல் விட்டால் தண்ணீர் வற்ற வற்ற அதுவே கீழே இறங்கிச் சிவக்கும்.

இன்னொன்று, தெளிந்தவுடனே நீங்கள் இறக்கியிருக்கலாம். தெளிவது வேறு, பதம் வேறு. தெளிந்த நேரத்தில் கசண்டு வெள்ளையாகத்தான் இருக்கும்.

ஏற்கெனவே காய்ச்சி வைத்ததைத் தூக்கிப் போட வேண்டாம். அரைக்கிலோ நெய்க்கு ஒரு மேசைக்கரண்டி கொழுப்பு நீக்கிய பால் பவுடரைப் போட்டு, சின்னத் தீயில் விடாமல் கிளறுங்கள். பவுடர் தேன் நிறம் வந்ததும் இறக்கி, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். தண்ணீர் இல்லாத நெய் என்பதால் சூடு சீக்கிரம் ஏறும், அடுப்பை விட்டு நகரக் கூடாது. ஊர்ப் பாட்டிகள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனால் மணம் வரும்.

அம்மா தஞ்சாவூரில் காய்ச்சும் நெய் தெருவே மணக்கும். நான் இங்கே விலை கூடிய நியூசிலாந்து வெண்ணெய் வாங்கியும் அப்படி வரவில்லையே? – உட்லண்ட்ஸ்

உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை. அம்மாவின் வெண்ணெய் தயிர் கடைந்து எடுத்தது, புளித்தது. புளிக்கும்போதே வாசனைப் பொருள்கள் உண்டாகிவிடுகின்றன, காய்ச்சும்போது அவை இன்னும் மாறிக் கூடுகின்றன. இங்கே கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலானது புளிக்காத பாலாடையில் எடுத்த வெண்ணெய். விலை கொடுத்தாலும் அது அப்படித்தான்.

உறையில் 'கல்ச்சர்ட்' என்று போட்டிருக்கும் வெண்ணெயைத் தேடுங்கள், பிரெஞ்சு வெண்ணெய்களில் அந்த வகை அதிகம். இல்லையென்றால் 35 சதவீதக் கொழுப்புள்ள விப்பிங் கிரீம் ஒரு லிட்டரில் இரண்டு மேசைக்கரண்டி கெட்டித் தயிரைக் கலந்து இரவு மூடி வையுங்கள். நம் ஊர் வெக்கைக்கு எட்டுப் பத்து மணி நேரத்தில் புளித்துவிடும். குளிரவைத்து மிக்ஸியில் ஐஸ் தண்ணீர் விட்டு அடித்தால் வெண்ணெய் திரளும். சில கிரீம்களில் கெட்டிப்படுத்தும் பொருள் சேர்த்திருப்பார்கள், அது திரள மாட்டேன் என்று அடம் பிடிக்கும். வாங்கும்போதே சேர்மானப் பட்டியலைப் பாருங்கள்.

முருங்கைக்கீரை போட்டால் தீய்ந்த வாடை போய்விடும் என்கிறார்களே? – ஜூரோங்

போகாது. கரிந்த வாடை கொழுப்பில் கரைந்துவிடுகிறது, அதை எடுக்க வழியில்லை. லேசாகத்தான் தீய்ந்தது என்றால் குழம்பு தாளிக்க வைத்துக்கொள்ளுங்கள், மைசூர்பாகில் ஊற்றிக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் கீரைக்கு வேறு பயன் உண்டு. தேக்காவில் வாங்கிய இணுக்கைக் கழுவி, துளி ஈரமில்லாமல் துடைத்து, கசண்டு சிவந்த நேரத்தில் போடுங்கள். பட்டென்று பொரிந்து மொறுமொறுப்பானால் நெய்யில் தண்ணீர் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். வாசனையும் வரும். ஈரக்கீரை போட்டால் நெய் முகத்தில் தெறிக்கும்.

உப்பு போட்ட வெண்ணெயில் காய்ச்சலாமா? – பிடோக்

காய்ச்சலாம், கெட்டுப்போகாது. உப்பு கொழுப்பில் கரையாது என்பதால் கசண்டோடு அடியில் தங்கிவிடும். நன்றாகத் தெளியவிட்டு மேலாக வடித்தால் நெய்யில் கரிப்பு தெரியாது. கசண்டைச் சோற்றில் பிசைந்து சாப்பிடுகிற பழக்கம் இருந்தால் மட்டும் அன்றைக்கு விட்டுவிடுங்கள். டப்பாவில் வரும், எண்ணெய் கலந்த 'ஸ்ப்ரெடபிள்' வகை எதற்கும் ஆகாது.

காய்ச்சிய நெய்யில் மீன் வாடை மாதிரி ஏதோ வருகிறது. – அதே பிடோக் வாசகர்

குளிர்பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் என்ன இருந்தது? இறால் விழுதான பிளாச்சான் டப்பா என்றால் அதுதான் காரணம். திறந்த வெண்ணெய் எல்லா வாடையையும் இழுத்துக்கொள்ளும், காய்ச்சினாலும் முழுதாக விடாது. காய்ச்சப்போகிற அன்றைக்கு வாங்கி, அன்றைக்கே பிரியுங்கள்.