ஜூலை பில்லைக் கட்டுங்கள், அப்புறம் கணக்கை மூடலாம்

கேள்வி: வக்கீல் சார், கப்பலூர் சிட்கோவில் பிளாஸ்டிக் டப்பா தயாரிக்கிறேன். விற்பனைப் பையன்கள் ஆர்டர் எடுக்கவும் டெலிவரி பதியவும் பில் போடவும் ஒரு ஆன்லைன் சாஃப்ட்வேரில் 14 லைசென்ஸ் வாங்கினேன். மாதம் லைசென்ஸுக்கு 900 ரூபாய், மூன்று மாதத்துக்கு ஒரு பில். 9 பேர் வேலையை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. குறைக்கச் சொல்லி பிப்ரவரியில் அந்தக் கம்பெனிப் பையனிடம் போனில் சொன்னேன், சரி என்றார். ஏப்ரல் 1-ல் 14-க்கும் தானாகப் புதுப்பித்துவிட்டார்கள். கோபத்தில் ஜூலை பில்லை நிறுத்திவிட்டேன். மார்ச் வரை முழுப் பணமும் கேட்கிறார்கள், 15 நாளில் கணக்கை முடக்குவார்களாம். இது பச்சைத் துரோகம். டேட்டாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்து நுகர்வோர் கோர்ட்டில் போடலாமா? ஒப்பந்தத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: துரோகத்தை ஓரமாக வையுங்கள். மார்ச் 2-க்கு முன்னால் நீங்கள் எழுத்தில் ஏதாவது அனுப்பினீர்களா? இந்த வழக்கில் அது ஒன்றுதான் கேள்வி. நீங்கள் இணைத்த ஒப்பந்தம், புதுப்பிக்கும் நாளுக்கு 30 நாள் முன்பு, அதில் கொடுத்திருக்கும் மெயில் முகவரிக்கு எழுதிச் சொல்ல வேண்டும் என்கிறது. போனில் சொன்னது அந்த வாசலைக் கூட மிதிக்கவில்லை. அந்தப் பையனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பியிருந்தால் தேடி எடுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி அதுவும் எழுத்துதான். ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்குப் போகாததால் பாதி பலம்தான், ஆனால் பேரத்துக்கு உதவும்.

ஆட்கள் பயன்படுத்தவே இல்லை என்பது வாதமாகாது. கல்யாணத்துக்கு 500 இலை சொல்லிவிட்டு 200 பேர் வந்தால் சமையல்காரர் 200-க்கா வாங்கிக்கொள்வார்? கையெழுத்தே போடவில்லை, திரையில் 'சம்மதம்' என்று தட்டியது மட்டும்தான் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் ஒப்பந்தம்தான். நுகர்வோர் ஆணையமும் உங்களுக்கு இல்லை. 2019 சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை வெளியே நிறுத்துகிறது. சுயதொழிலில் பிழைப்பவருக்கு ஒரு விலக்கு உண்டு, ஆனால் 14 லைசென்ஸ் வாங்கிய ஆலை அதற்குள் நுழைவது கஷ்டம்.

ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவைக் காட்டி, முழு வருஷத் தொகை கேட்பது தண்டம், நியாயமான இழப்பீடுதான் கேட்கலாம் என்று வாதாட முடியும். நான் வாதாடுவேன். ஆனால் எங்கே? பஞ்சாயத்து பெங்களூரில் நடுவர் முன்பு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. 1,13,400 ரூபாய்க்காக மதுரையிலிருந்து எத்தனை தடவை போவீர்கள்?

சரி, நான் பயப்படுவது பணத்துக்காக இல்லை, டேட்டாவுக்காக. முடக்கிய 30 நாளில் அழித்துவிடுவோம் என்றும் அதே ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. கோபத்தில் பணத்தை முதலில் நிறுத்துகிறவர்கள் எல்லோரும் விழும் குழி இதுதான். எதிரியோடு சண்டை போடும்போது உங்கள் சாவிக்கொத்து அவர் கையில் இருக்கிறது.

எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால் எல்லாம் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். என் கட்சிக்காரர் ஒருவர், திருமங்கலம் பக்கம் மொத்த வியாபாரி, அப்படித்தான் ஒரு கணக்கை மூடினார். எக்செல் கோப்பு அழகாக வந்தது. பில் எண், தேதி, கடைப் பெயர், தொகை எல்லாம் இருந்தது. கடைசிக் கட்டத்தில் 'டெலிவரி ரசீது' என்று ஒரு பத்தி. கடைக்காரர் கையெழுத்திட்ட சலானின் படம் அதில் இருக்கும் என்று நம்பினார். இருந்தது படம் இல்லை, படத்துக்கான இணைப்பு. கணக்கு மூடிய பிறகு அந்த இணைப்புகள் ஒன்றும் திறக்கவில்லை. எட்டு மாதம் கழித்து, தேனியில் ஒரு கடை 4,60,000 ரூபாய் சரக்கு வரவே இல்லை என்று சொன்னபோது எங்கள் கையில் இருந்தது அந்த எக்செல் மட்டும்.

அது ஏன் போதாது? பாரதிய சாட்சிய சட்டம் 28-வது பிரிவு, கணக்குப் புத்தகப் பதிவு, மின்னணு வடிவில் இருந்தாலும், அது மட்டுமே ஒருவர் மீது பொறுப்பைச் சுமத்தப் போதாது என்கிறது. உங்கள் லெட்ஜர் உங்களுக்குச் சாதகமாக எழுதியதுதானே. சலானும் கடைக்காரர் கையெழுத்தும் கூட வர வேண்டும். கடைசியில் அந்த வழக்கை 2,50,000-க்கு முடித்தோம், அதுவும் அந்தக் கடைக்காரருக்கு கொஞ்சம் மனசாட்சி இருந்ததால்.

அதனால் பயனர்கள் யாரையும் நீக்குவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். போன 9 பேர் பெயரில் ஏறிய படங்கள் சில சாஃப்ட்வேரில் அந்தப் பயனரோடே போய்விடும். எக்செல் தனி, பில்கள் பிடிஎஃப்-ஆகத் தனி, சலான்கள் படமாகத் தனி என்று மூன்று விதமாக இறக்குங்கள். சலான் படங்களை மொத்தமாக இறக்க வழி இல்லை என்றால் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். அப்புறம் அந்த சாஃப்ட்வேர் இல்லாத வேறொரு கணினியில், இணையத்தைத் துண்டித்துவிட்டு, பழைய பில் பத்தை திறந்து பாருங்கள். சலான் தெரிகிறதா? மாத மொத்தம் நீங்கள் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1-ஓடு ஒத்துப்போகிறதா? ஒத்துப்போகவில்லை என்றால் ரத்தான பில்லோ கிரெடிட் நோட்டோ வரவில்லை என்று அர்த்தம். ஜிஎஸ்டி கணக்கை ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2024-25 கணக்குக்கு அது 31 டிசம்பர் 2031 வரை. அது வரை அந்த சாஃப்ட்வேர் கம்பெனி உங்களுக்குத் துணை நிற்காது.

இறக்கியதை ஒரே ஜிப்பாகக் கட்டி, அன்றைக்கே அதன் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பை எடுத்து வையுங்கள். விண்டோஸில் இது போதும்:

```
certutil -hashfile D:\backup.zip SHA256
```

வரும் நீண்ட எண்ணை, யார், எந்தக் கணினியில், எந்தத் தேதியில் இறக்கினார் என்பதோடு எழுதிக் கையெழுத்திடுங்கள். நாளை கோர்ட்டில் அதே சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் தாக்கல் செய்யும்போது அந்தப் படிவமே ஹாஷ் மதிப்பைக் கேட்கிறது. அதன் இரண்டாம் பகுதியில் ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும். மூடிய கணக்கிலிருந்து மறுபிரதி எடுக்க முடியாது, எனவே இந்த ஜிப்தான் உங்கள் மூலம்.

இனி பணம். சமரசம் செய்துகொள்ளுங்கள். இன்றே மெயில் போடுங்கள்: ஜூலை பில் 37,800-ஐயும் அதற்கான ஜிஎஸ்டியையும் கட்டுகிறேன், செப்டம்பர் 30 வரை கணக்கு திறந்திருக்கட்டும், அதன் பின் மூடுங்கள், மீதி 75,600-க்கு உரிமை கோர மாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள். ஜிஎஸ்டியை நீங்கள் கிரெடிட் எடுத்துக்கொள்வீர்கள். பெரும்பாலான கம்பெனிகள் இதற்கு இறங்கி வரும், பெங்களூரில் வக்கீல் வைப்பது அவர்களுக்கும் செலவுதானே. முடக்கும் தேதிக்கு இரண்டு நாள் முன்பு வரை பதில் வராவிட்டால், 'ஆட்சேபணையுடன் கட்டுகிறேன், என் உரிமையை விடவில்லை' என்று எழுதி அந்த ஒரு பில்லைக் கட்டிவிடுங்கள். டேட்டா கைக்கு வரும் வரை மட்டும்தான் இந்தப் பணிவு.

பாக்கி இல்லை என்ற மெயில் வந்த பிறகு கார்டு ஆட்டோ பேமென்ட்டை ரத்து செய்யுங்கள், அதற்கு முன்பு வேண்டாம். பேக்கப் ஒரு பிரதியை உங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் வைத்துவிடுங்கள். ஆலையில் இருக்கும் கணினியை நம்ப வேண்டாம்.